வந்து போகும் பழுதை எழுத்தில் பிடிப்பது: ரிவிக் கொம்பனிக்கு அனுப்பிய மின்னஞ்சல்

கொக்குவில் வீட்டில் இருக்கும் 43 அங்குல எல்ஈடி ரிவியில் வந்த பழுது இதுதான். போட்டு முக்கால் மணித்தியாலம் போல நன்றாக ஓடும். பிறகு திடீரென்று திரை கறுத்துவிடும். சத்தம் மட்டும் நிற்காது, செய்தி வாசிப்பவர் தன்பாட்டில் வாசித்துக்கொண்டே இருப்பார். றிமோட்டால் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், சனலும் மாறும். நிற்பாட்டிப் போட்டால் ஒரு செக்கன் வெளிச்சம் வந்து திரும்பவும் இருட்டு. அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்கும்.

உத்தரவாதம் முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. வாங்கிய கடையில் சொன்னோம், கொம்பனியின் சேவை முகவர் ஒருவர் வந்தார். வந்தது காலை பத்து மணிக்கு. இரவு முழுக்க ஆறிக் கிடந்த ரிவியைப் போட்டுக் கால் மணித்தியாலம் பார்த்தார். படம் பளிச்சென்று இருந்தது. "அம்மா, இது நல்லாத்தானே வேலை செய்யுது. உங்கட பக்கம் பின்னேரத்தில கறண்ட் கூடிக் குறையுறதால இருக்கும்" என்று அம்மாவிடம் சொல்லி, வேலைத்தாளில் பழுது இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை வீடு இருந்திருக்கும்? முக்கால் மணித்தியாலம் கழித்து வரும் பழுதைக் கால் மணித்தியாலத்தில் யாராலும் பார்க்க முடியாது.

ஆனால் அந்தத் தாள் கையில் இருக்கும் வரை கொம்பனியின் பதிவில் எங்கள் ரிவி நல்ல ரிவி. அதை மாற்ற வேண்டுமென்றால், எந்த நிலையில், எவ்வளவு நேரத்தில் பழுது வரும் என்பதைப் படிப்பவர் தானே செய்துபார்க்கக்கூடிய மாதிரி எழுத வேண்டும். "அடிக்கடி இருட்டாகுது" என்று எழுதினால், அதே பதில்தான் திரும்பவும் வரும்.

முதலில் என்ன பழுது என்பதை வெளியில் இருந்தே எவ்வளவு தூரம் பிரித்தறியலாம் என்று பார்த்தேன். எல்ஈடி ரிவி என்று சொன்னாலும் அதில் இருப்பது எல்சிடி திரை. அதற்குத் தானாக வெளிச்சம் கிடையாது. படத்தை உருவாக்குவது முன்னால் இருக்கும் கண்ணாடித் தகடு. அதற்குப் பின்னால் வரிசையாக ஒட்டியிருக்கும் எல்ஈடிப் பட்டிகள்தான் வெளிச்சம் கொடுக்கின்றன. எனவே திரை கறுத்ததும் அறை லைற்றை அணைத்துவிட்டு, ஒரு ரோச்சைத் திரையில் இருந்து ஒரு சாண் தூரத்தில் சரிவாகப் பிடித்துப் பார்த்தேன். ரோச் வெளிச்சம் விழும் வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் தோளும், கீழே ஓடும் எழுத்துகளும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. நேராகப் பிடித்தால் பளபளப்புத்தான் கண்ணில் அடிக்கும், ஒன்றும் தெரியாது. சரிவு முக்கியம்.

அந்த மங்கல் படம் ஒன்றே பல சந்தேகங்களைக் கழித்துவிடுகிறது. படம் தெரிகிறது என்றால் பிரதான போட் வேலை செய்கிறது, படத்தகடும் அதை இயக்கும் போட்டும் வேலை செய்கின்றன. போனது பின்னொளி மட்டும்தான். அந்தப் பக்கம் மூன்று இடங்கள் உண்டு: எல்ஈடிப் பட்டிகள், அவற்றுக்கு மின்னோட்டம் கொடுக்கும் சுற்று, இரண்டையும் இணைக்கும் வயரும் கனெக்டரும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் றேடியோ, ரிவி திருத்தும் அண்ணை ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "ஆறினா வருது, சுட்டா போகுது எண்டா முக்கால்வாசி எல்ஈடி தான் தம்பி. தொடரா இணைச்சிருக்கிறதில ஒண்டு விட்டால் முழுக்கப் போகும்" என்றார். பட்டியில் உள்ள எல்ஈடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இருக்கின்றன. ஒன்றின் ஈயப் பற்றில் மயிரிழை வெடிப்பு இருந்தால், சூடேறி விரியும்போது அது பிரிந்து சுற்று அறுகிறது. இயக்கும் சுற்று மின்னழுத்தம் எகிறுவதைக் கண்டு பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்கிறது. நிற்பாட்டிப் போட்டதும் ஒரு செக்கன் எரிந்து அணைவதற்கும் இந்தப் பாதுகாப்புத்தான் காரணம். "கொண்டுவாரும், கழட்டிப் பாப்பம்" என்றும் சொன்னார். நான் ஓம் சொல்லவில்லை. பின்மூடியின் ஆணியில் ஒட்டியிருக்கும் உத்தரவாத ஸ்ரிக்கர் கிழிந்தால் கதை அத்துடன் முடிந்தது. அதைவிட, 230 வோல்ற்றை நேராக்கிய பிறகு அதைத் தேக்கி வைக்கும் கொள்ளளவியில் 320 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். பிளக்கைக் கழற்றிய உடனும் அது இருக்கலாம். ஆசைக்குத் திறந்து பார்க்கிற இடமில்லை அது.

அடுத்து, பழுதை வேண்டிய நேரத்தில் வரவைப்பது. சூடுதான் காரணம் என்றால் வெளிச்சத்தைக் கூட்டினால் வேகமாக வர வேண்டும். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எங்கள் ரிவியின் மெனுவில் `Brightness` என்றும் `Backlight` என்றும் இரண்டு இருக்கின்றன. முதலாவது படத்தின் கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதை மாற்றுவது. எல்ஈடிக்குப் போகும் மின்னோட்டத்தை மாற்றுவது இரண்டாவதுதான். அதோடு மின்சேமிப்பு என்று ஒரு வசதி உண்டு. அது அறை வெளிச்சத்தைப் பார்த்துப் பின்னொளியைத் தானாகக் குறைத்துவிடும். அது போட்டிருந்தால் ஒரு நாள் பழுது வரும், ஒரு நாள் வராது. அதை நிற்பாட்டி, `Backlight` ஐ 100 இல் வைத்ததும் பழுது ஒழுங்காக வரத் தொடங்கியது: 44 நிமிடத்தில் இருந்து 51 நிமிடத்துக்குள். 50 இல் வைத்தால் இரண்டு மணித்தியாலப் படம் ஒன்று முழுவதும் ஓடி முடிந்தது. என்னைக் கேட்டால், முழு மின்னஞ்சலிலும் பெறுமதியான வரிகள் இவை இரண்டும்தான்.

மாதிரி இலக்கமும் தொடர் இலக்கமும் சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்பதில்லை. ஒரே மாதிரிப் பெயரில் வரும் ரிவிகளுக்குள் வேறு வேறு படத்தகடும் வேறு வேறு எல்ஈடிப் பட்டியும் இருக்கும். மாதிரி இலக்கத்தின் கடைசியில் ஒரு கோட்டுக்குப் பிறகு வரும் இரண்டு மூன்று எழுத்துகள்தான் எந்தப் பட்டியை அனுப்ப வேண்டும் என்று சொல்லுகின்றன. பெட்டியிலும் விளம்பரத்திலும் பெரும்பாலும் அந்த வால் இருக்காது. பின்பக்க லேபிளில்தான் முழுதாக இருக்கும். எங்களுடையது சுவரில் மாட்டியது. போனைத் தலைகீழாகப் பிடித்துச் சுவருக்கும் ரிவிக்கும் இடையில் நுழைத்து, பிளாஷ் போட்டு வீடியோ எடுத்தேன்; ஓடும் வீடியோவில் ஒரு நல்ல சட்டகம் எப்படியும் கிடைக்கும். தொடர் இலக்கத்தில் 8 உம் B உம், 0 உம் O உம் கண்ணுக்கு ஒன்று போலத் தெரிந்தன. லேபிளில் அதற்குக் கீழேயே கோட்டுக்குறி இருக்கிறது. அந்தப் படத்தைக் கோட்டுக்குறி வாசிக்கும் அப்பில் கொடுத்தால் எழுத்துப் பிழை இல்லாமல் இலக்கம் வந்துவிடும். பிறகு `Settings > Support > About` இல் காட்டும் இலக்கத்துடன் ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று. ஒன்றாக இல்லாவிட்டால் பிரதான போட் எப்போதோ மாற்றப்பட்டிருக்கலாம் என்ற கேள்வி வரும், அதையும் எழுதத்தான் வேண்டும். மென்பொருள் பதிப்பு இலக்கமும் அதே பக்கத்தில் இருந்தது.

இனி வீடியோ. பழைய போன் ஒன்றைச் சாஜரில் போட்டபடி ஸ்ரூலில் நிறுத்தி, ரிவி போட்டு அரை மணித்தியாலம் கழித்துப் பதிவைத் தொடங்கினேன். 720p போதும், யாரும் இதைத் திரையரங்கில் போடப் போவதில்லை. சட்டகத்துக்குள் நான்கு பொருள்கள் இருந்தன: ரிவி, சுவர் மணிக்கூடு, அன்றைய உதயன் பேப்பரின் முகப்பு, அதே மின்பலகையில் செருகிய, வோல்ற்றைக் காட்டும் சின்ன மீற்றர். கறண்ட்தான் பிரச்சினை என்ற பதிலுக்கு மீற்றரை விட நல்ல பதில் இல்லை. கேபிள் பெட்டியில் பிழை என்று சொல்லாமல் இருக்க, அன்ரனா வயரைத் தவிரப் பின்னால் செருகிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அன்ரனாச் சனல் ஒன்றை ஓடவிட்டேன்.

போன் கமரா தன்பாட்டில் வெளிச்சத்தைச் சரிசெய்யும். திரை இருண்டதும் கமரா அறையை வெளிச்சமாக்கிக் காட்டும். பார்ப்பவருக்குக் கமராவின் குழப்பம் போலத் தோன்றும். அதனால் அறை லைற்றைப் போட்டுவைத்து, போன் திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டேன். இருட்டான பிறகு பதிவை நிறுத்தாமல் றிமோட்டால் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டி, அப்புறம் லைற்றை அணைத்து ரோச் பிடித்தேன். எல்லாம் ஒரே ஓட்டம், இடையில் வெட்டு இல்லை.

திகதிக்கு வருவோம். பேப்பர் ஒரு பக்கத்தைத்தான் நிரூபிக்கும்: இந்த வீடியோ அந்தத் திகதிக்கு முன்னர் எடுக்கப்படவில்லை. பழைய பேப்பரை எப்போதும் எடுத்து வைத்துக்கொண்டு எடுக்கலாமே! மற்றப் பக்கத்தை மூடுவது, எடுத்த அன்றிரவே கூகுள் டிரைவில் ஏற்றிய திகதி. இரண்டும் சேர்ந்தால் ஒரே நாளுக்குள் அடங்கிவிடும். கோப்புக்குள் பதிவாகும் நேரமும் இருக்கிறது, ஆனால் எம்பி4 கோப்புகளில் அது பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இரவு 7.45 க்கு முடிந்த பதிவைச் சில மென்பொருள்கள் 14:15 என்று காட்டும். இலங்கை நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தியது என்று முன்கூட்டியே எழுதாவிட்டால், மணிக்கூடும் கோப்பும் பொருந்தவில்லை என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி வேறு கோப்பாக்கிவிடும், பெயரும் மாறும். கட்டாயம் அதில்தான் அனுப்ப வேண்டும் என்றால் ஆவணமாக அனுப்ப வேண்டும். ஜிமெயிலில் இணைக்கும் கோப்பு 25 எம்பிக்கு மேல் போகாது. ஆகவே இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை மின்னஞ்சலோடு இணைத்து, வெட்டாத மூலத்துக்கு டிரைவ் லிங்க் கொடுத்தேன். லிங்க் கையில் உள்ள எவரும் பார்க்கலாம் என்று அதை மாற்றி வைக்க வேண்டும். அனுமதி கேட்டு வரும் மெயிலுக்கு நாம் பதில் போடுவதற்குள் அங்கே கோப்பை மூடிவிடுவார்கள்.

அனுப்பியது ஆங்கிலத்தில், கொழும்புச் சேவைப் பிரிவுக்கும் உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் முகவரிக்கும் சேர்த்து. அதன் உள்ளடக்கம் இது. இலக்கங்களின் ஒரு பகுதியை இங்கே மறைத்திருக்கிறேன்.

பொருள்: முறைப்பாடு. மாதிரி `43xxxx-SL2`, தொடர் இலக்கம் `xxxxxx07B418`. 45 நிமிடமளவில் பின்னொளி அணைகிறது, ஒலி தொடர்கிறது. உத்தரவாதம் 2025 ஏப்ரல் 30 வரை.

வணக்கம். மேற்குறித்த ரிவியை 2023 ஏப்ரல் 30 அன்று யாழ்ப்பாணத்தில் உங்கள் விற்பனை முகவரிடம் வாங்கினேன். பற்றுச்சீட்டு, முத்திரையிட்ட உத்தரவாத அட்டை, பின்பக்க லேபிள், மென்பொருள் பதிப்பு காட்டும் திரை ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பழுது: ஆறிய நிலையில் போட்டால் 44 முதல் 51 நிமிடத்துக்குள் திரை இருண்டுவிடுகிறது. ஒலியும் றிமோட்டும் வேலை செய்கின்றன. ரோச்சைச் சரிவாகப் பிடித்தால் படம் மங்கலாகத் தெரிகிறது. நிற்பாட்டிப் போட்டால் ஏறத்தாழ ஒரு செக்கன் வெளிச்சம் வந்து அணைகிறது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்ப வேலை செய்கிறது.

பழுதை வரவைக்கும் முறை: மின்சேமிப்பை நிற்பாட்டவும். `Backlight` ஐ 100 இல் வைக்கவும். தொடர்ந்து ஒரு மணித்தியாலம் ஓடவிடவும். 50 இல் வைத்தபோது இரண்டு மணித்தியாலத்திலும் பழுது வரவில்லை.

பதிவுகள்: 2025 மார்ச் 9, போட்டது 19:05, அணைந்தது 19:49, மின்னழுத்தம் 226 வோல்ற். மார்ச் 11, போட்டது 18:30, அணைந்தது 19:21, 231 வோல்ற். மார்ச் 14, போட்டது 18:55, அணைந்தது 19:42, 219 வோல்ற். ரிவியின் லேபிளில் `AC 100-240V` என்று இருக்கிறது. மூன்று பதிவுகளும் வெட்டப்படாதவை, எடுத்த அன்றே ஏற்றப்பட்டவை. கோப்புக்குள் உள்ள நேரம் உலகப் பொது நேரம். இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டவும். மார்ச் 14 பதிவின் சுருக்கம் இணைப்பில் உள்ளது. அணைவது 0:20 இல், ரோச் சோதனை 1:25 இல்.

முன்னர் வந்த சேவை முகவரின் வேலைத்தாளையும் இணைத்திருக்கிறேன். அன்று ரிவி 15 நிமிடமளவே ஓடியது. ரிவியின் பின்மூடி எவராலும் திறக்கப்படவில்லை.

கேட்பது: இந்த முறைப்பாட்டை இன்றைய திகதியில் பதிந்து முறைப்பாட்டு இலக்கம் தரவும். பழுது உத்தரவாதக் காலத்துக்குள் அறிவிக்கப்பட்டது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தவும். அடுத்த முறை வருபவர் குறைந்தது ஒரு மணித்தியாலம் ரிவியை ஓடவிட்டுப் பார்க்க ஒழுங்கு செய்யவும்.

மின்னஞ்சல் அவ்வளவுதான். எல்ஈடிப் பற்றில் வெடிப்பு என்று அதில் ஓரிடத்திலும் எழுதவில்லை. அண்ணை சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் திறந்து பார்க்காமல் எழுதினால் அது ஊகம். ஊகம் ஒன்று பிழைத்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். கடைசியில் கேட்ட திகதிப் பதிவு, வந்து போகும் பழுதுக்கு மிகவும் தேவை. உத்தரவாதம் முடிந்த பிறகு ஆள் வந்தாலும், அறிவித்த நாள் உள்ளே இருக்கும்.

முதல் பதில் எதிர்பார்த்தது போலவே வந்தது: தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டுப் பார்க்கவும், ஸ்ரெபிலைசர் போடவும். மின்னஞ்சலைப் படித்துவிட்டு எழுதிய பதில் இல்லை அது. கோபத்தில் எழுதி வேலையில்லை. அதே மின்னஞ்சலுக்கே பதில் போட்டு, மீட்டுப் பார்த்தாயிற்று, முடிவு மாறவில்லை, மின்னழுத்தம் மூன்று பதிவிலும் மீற்றரில் தெரிகிறது, 1:25 இல் படம் தெரிவதைத் தயவுசெய்து பார்க்கவும் என்று மட்டும் எழுதினேன். புதிய மின்னஞ்சலாக எழுதினால் வேறொருவர் கைக்குப் போய் முதலில் இருந்து தொடங்கும். இந்த முறை பதிலோடு முறைப்பாட்டு இலக்கம் வந்தது.

இரண்டாம் முறை வந்தவர் வேறு ஆள், உதவிக்கு இன்னொரு பெடியன். வரமுன்பே போன் எடுத்து, "அண்ணை, நாங்கள் ஒன்பதுக்கு வாறம். எட்டரைக்கே போட்டு `Backlight` ஐ நூறில விட்டு வையுங்கோ" என்றார். அப்போதே எனக்குப் பாதி நிம்மதி. ஒன்பது இருபது அளவில் அவர் கண்முன்னாலேயே திரை கறுத்தது. தன் போன் ரோச்சை எடுத்துச் சரிவாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

படத்தகட்டைக் கழற்றுவதுதான் பயமான வேலை. மெல்லிய கண்ணாடி, ஒரு மூலை வளைந்தாலும் கோடு விழும். இரண்டு பேரும் உறிஞ்சுபிடி வைத்து ஒன்றாகத் தூக்கிக் கட்டிலில் விரித்த போர்வையில் வைத்தார்கள். உள்ளே வெள்ளைத் தாளின் அடியில் எல்ஈடிப் பட்டிகள். எல்ஈடி சோதிக்கும் கருவியால் பட்டி பட்டியாகப் பார்த்தபோது இரண்டாவது பட்டி எரியவில்லை. நடுவில் இருந்த ஒன்றின் வில்லையை விரலால் மெல்ல அழுத்தியதும் முழுப் பட்டியும் எரிந்தது. விரலை எடுத்ததும் அணைந்தது. அந்த எல்ஈடியைச் சுற்றித் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வளையம் இருந்தது.

அந்த ஒன்றை மட்டும் மாற்றலாமே என்று கேட்டேன். பழையவை ஏற்கனவே கொஞ்சம் மங்கியிருக்கும், புதியது ஒன்று நடுவில் வந்தால் திரையில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், மற்றவையும் அதே வயதுதான் என்றார். கொண்டுவந்திருந்த முழுத் தொகுதியையும் மாற்றினார். மாதிரி இலக்கத்தின் வால் சரியாக இருந்ததால் பட்டிகள் ஆணித்துளைக்கு ஆணித்துளை பொருந்தின.

பூட்டிய பிறகு 100 இல் வைத்து ஒன்றேகால் மணித்தியாலம் ஓடவிட்டார்கள். அம்மா போட்டுக் கொடுத்த தேத்தண்ணி குடித்து முடிய வேறு வேலையும் இருக்கவில்லை. அணையவில்லை. இனி 70 இல் வைத்துப் பாருங்கோ, எல்ஈடிக்கு அதுதான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். வேலைத்தாளில் மாற்றிய பட்டியின் பாக இலக்கம், திகதி, முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். மாற்றிய பாகத்துக்கு எவ்வளவு காலம் பொறுப்பு என்றும் அதிலேயே எழுதச் சொன்னேன். மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறார். அந்தத் தாளின் படமும் வெட்டாத மூன்று வீடியோவும் இப்போதும் ஒரே டிரைவ் கோப்புறையில் இருக்கின்றன. அந்த மூன்று மாதம் முடியும் வரை அழிக்கிற எண்ணம் இல்லை.